எட்டு அட்சரத்துக்கு ஒரு வெட்டு: பக்திப் பாட்டுக்குப் படம் தொகுப்பது

“மயிலாப்பூர் மாட வீதியில மார்கழி பஜனையும் பங்குனி உற்சவமும் எடுத்து வச்சிருக்கேன். எங்க குழுவே பாடின சிவன் பாட்டு ஒண்ணு இருக்கு, ஆதி தாளம், நாலே முக்கால் நிமிஷம். பீட்டுக்குப் பீட்டு வெட்டினா ரீல்ஸ் மாதிரி படபடன்னு ஓடுது, மனசு நிக்கவே மாட்டேங்குது. பீட்டைக் கண்டுக்காம விட்டா பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். தாளமும் தெரியணும், அமைதியும் இருக்கணும். எப்படி வெட்றது சார்?”

தாளத்தை வெட்டில் காட்ட வேண்டாம், ஷாட்டுக்குள் இருக்கும் அசைவில் காட்டுங்கள். வெட்டை, எட்டு அட்சரம் கொண்ட ஆவர்த்தனத்தின் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் குடை, சுற்றும் தீபம், கோலம் போடும் கை இவையெல்லாம் அட்சரத்தைத் தொட்டுக்கொண்டே போகட்டும். படம் மாறுவது எட்டு அட்சரத்துக்கு ஒருமுறை போதும். சில இடங்களில் பதினாறுக்கு ஒருமுறை, மிகச் சில இடங்களில் நான்குக்கு ஒருமுறை.

உங்கள் பாட்டு நிமிடத்துக்கு 75 அட்சரம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்சரம் 0.8 விநாடி. நொடிக்கு 25 ஃபிரேம் டைம்லைனில் அது சரியாக 20 ஃபிரேம். ஒவ்வோர் அட்சரத்திலும் வெட்டினால் நாலே முக்கால் நிமிடத்துக்கு 350க்கு மேல் ஷாட் வரும். பார்ப்பவர் கோபுரம் என்று அடையாளம் காண்பதற்குள் அது போய்விடும். ஆவர்த்தனத்துக்கு ஒன்று என்றால் ஒரு ஷாட் 6.4 விநாடி, மொத்தம் நாற்பது சொச்சம். பார்க்கவும் நேரம் இருக்கிறது, தாளக் கட்டும் குலையவில்லை.

முதல் வேலை மார்க்கர் போடுவது. சாஃப்ட்வேரில் தானாக பீட் கண்டுபிடிக்கும் வசதி இருந்தாலும் இந்த மாதிரிப் பாட்டுக்கு அதை நம்ப வேண்டாம். அது ஒலியில் திடீரென்று எழும் முட்களைத் தேடும். ஜால்ரா இருக்கும் பாட்டில் ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் ஒரு முள். மிருதங்கமோ தாளத்தின் தட்டிலேயே எப்போதும் அடிக்காது. சொற்கட்டு தட்டுக்கு முன்னும் பின்னும் ஓடி விளையாடும், சில ஆவர்த்தனங்களில் சமத்தில், அதாவது முதல் தட்டு விழும் இடத்தில், வேண்டுமென்றே மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில்தான் உங்களுக்கு மார்க்கர் வேண்டும், கருவியோ அடுத்த அடியில் கொண்டுபோய் வைக்கும்.

அதனால் கையால் போடுங்கள். பாட்டை ஓடவிட்டு, ஒரு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே (ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டு வீச்சு) மறு கையால் சமம் வரும்போது மட்டும் M விசையை அழுத்துங்கள். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் மார்க்கருக்கு அதே விசைதான். எட்டு அட்சரத்துக்கும் மார்க்கர் போட்டால் டைம்லைன் முழுக்கப் புள்ளியாகி, கண்ட இடத்தில் வெட்டத் தோன்றும். சமம் மட்டும் போட்டு முடித்த பிறகு பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளி விழுந்தவற்றை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

கணக்குப் போட்டு மார்க்கர் வைப்பது ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். 75 என்பது வசதியான எண். பாட்டு 72இல் ஓடினால் ஓர் அட்சரம் 20.83 ஃபிரேம். அதை 21 என்று முழுமையாக்கி வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வோர் அட்சரத்திலும் ஃபிரேமில் ஆறில் ஒரு பங்கு தள்ளும். எட்டு ஆவர்த்தனம் முடியும்போது பத்து ஃபிரேமுக்கு மேல் தள்ளியிருக்கும். அதாவது நீங்கள் சமம் என்று நினைத்து வெட்டும் இடம் அரை அட்சரம் தாண்டிக் கிடக்கும். போதாததற்கு, கிளிக் இல்லாமல் சேர்ந்து பாடிய குழுப் பாட்டு சரணத்துக்குள் போகும்போது கொஞ்சம் வேகம் பிடிக்கும். அது தவறில்லை, பாட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது. எனவே காதைத்தான் பின்தொடர வேண்டும்.

அடுத்தது எடுப்பு. எந்தப் பாட்டும் சமத்திலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளிக் குரல் எடுக்கும் பாட்டுகள் நிறைய. உங்கள் பாட்டைத் தாளம் போட்டுப் பாருங்கள். தட்டு விழுந்து, அதற்குப் பின் குரல் வருகிறதா? அப்படியென்றால் தட்டுக்கும் குரலுக்கும் நடுவே 0.4 விநாடி, பத்து ஃபிரேம் இருக்கிறது. இந்தப் பத்து ஃபிரேம்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை.

சமத்தில் வெட்டினால் புதுப் படம் முதலில் வந்து நிற்கிறது, அதன்மேல் குரல் வந்து உட்காருகிறது. பார்ப்பவருக்கு அந்தப் பத்து ஃபிரேமில் கண் நிலைபெற்றுவிடுவதால், சொல் விழும்போது அதைக் கேட்க மனம் தயாராக இருக்கிறது. அதே வெட்டைக் குரல் எடுக்கும் இடத்திலேயே வைத்தால் புதுப் படம், புதுச் சொல் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதும், அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் தேவைப்படும் இடம் ஒன்றிரண்டு இருக்கும்: ஈசன் பெயர் முதன்முதலாக வரும் இடம், சரணத்தில் முத்திரை வரும் இடம். அங்கே மட்டும் எடுப்பில் வெட்டுங்கள். மற்ற இடமெல்லாம் சமம். சமத்துக்கு முன்பே குரல் தொடங்கும் அதீத எடுப்பாக இருந்தால் முறை மாறும். முதல் சொல் பழைய படத்தின்மேல் தொடங்கட்டும், படம் சமத்தில் மாறட்டும். குரல் கையைப் பிடித்து அடுத்த படத்துக்கு அழைத்துப்போவது போல இருக்கும்.

எந்த வெட்டாக இருந்தாலும் தட்டுக்கு ஒரு ஃபிரேம், அதிகம் போனால் இரண்டு ஃபிரேம் முன்னால் வையுங்கள். தட்டு விழும் ஃபிரேமிலேயே வைத்தால், புதுப் படத்தைக் கண் வாங்கிக்கொள்ள எடுக்கும் நேரத்தால் அது தாமதமாக வந்ததுபோல் தெரியும்.

இனி ஷாட்டுக்குள் இருக்கும் தாளம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வீதியில் எடுத்ததுதான். மூலவரைப் படம் எடுக்க வழியில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோவில்களில் கைபேசியைத் தடைசெய்யச் சொன்ன பிறகு உள்ளே எடுப்பது இன்னும் குறைந்துவிட்டது. ஆனால் தாளத்துக்கு வேண்டிய அசைவெல்லாம் வீதியில்தான் இருக்கிறது. சுவாமி தூக்கிகளின் நடையில் வாகனம் இடமும் வலமும் சாய்வது, குடை ஏறி இறங்குவது, கோலக்காரரின் கை புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவுவது, உற்சவருக்குக் காட்டும் தீபாராதனை என்று எல்லாமே திரும்பத் திரும்ப நடக்கும் அசைவுகள்.

இவற்றைத் தாளத்தில் உட்கார வைக்க ஸ்லிப் என்ற கருவி இருக்கிறது. ஷாட் தொடங்கும் இடமும் முடியும் இடமும் டைம்லைனில் அப்படியே இருக்க, உள்ளே ஓடும் படத்தை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். குடை உச்சிக்கு வரும் ஃபிரேம் ஐந்தாம் அட்சரத்தில், அதாவது லகு முடிந்து முதல் திருதத்தின் தட்டு விழும் இடத்தில் வரும்வரை நகர்த்துங்கள். ஓர் ஆவர்த்தனத்தில் ஓர் அசைவு இப்படித் தட்டோடு சேர்ந்தால் போதும். எட்டுக்கு எட்டும் சேர வேண்டியதில்லை. ஒன்று சேர்ந்துவிட்டால் மற்றவற்றையும் சேர்ந்ததாகவே கண் எடுத்துக்கொள்ளும்.

தீபாராதனையை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 2.6 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான்கு அட்சரத்துக்கு ஒரு சுற்று, அதாவது 3.2 விநாடி வேண்டும். 2.6ஐ 3.2ஆல் வகுத்தால் 0.81. வேகத்தை 81 சதவீதமாகக் குறைத்தால் சுற்று லகுவோடு தொடங்கி, திருதங்களோடு அடுத்த சுற்று தொடங்கும். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்த ஷாட்டாக இருந்தால் இதற்குத் தாங்கும். 25இல் எடுத்திருந்தால் சில ஃபிரேம்கள் இரண்டு முறை வந்து, சுற்று தடுக்கித் தடுக்கிப் போகும். அப்போது ஃபிரேம் பிளெண்டிங் போட ஆசை வரும், போடாதீர்கள். சுடர் இரட்டையாகித் தெரியும். அந்த நிலையில் வேகத்தைத் தொடாமல், சுற்றின் மேல் உச்சி சமத்தில் வரும்படி ஸ்லிப் செய்துவிட்டு விடுவதே நல்லது. எதையெடுத்தாலும் பாதி வேகமாக்கும் பழக்கமும் வேண்டாம். எல்லாமே மெதுவாக நகர்ந்தால் அமைதி வராது, கனம்தான் வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பஜனை கோஷ்டியின் ஜால்ரா தட்டும் கையை அண்மையில் காட்டாதீர்கள். அவர்கள் அன்று பாடியது வேறு பாட்டு, வேறு வேகம். கை சேரும் இடத்தில் ஒலி இல்லை, ஒலி வரும் இடத்தில் கை விரிந்திருக்கிறது என்றால் மற்ற எல்லா நுணுக்கமும் வீண். பாடும் வாயும் அப்படியே. முதுகுப் பக்கமிருந்து எடுத்தது, கண்மூடிக் கேட்பவர்கள், தரையில் நடக்கும் கால்கள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாட்டை வரிசையாக எடுத்துக்கொள்வோம். பல்லவி வரி ஓர் ஆவர்த்தனம், சங்கதிகளோடு நான்கு முறை வருகிறது என்றால் 25.6 விநாடி. இதற்கு மூன்று ஷாட் போதும். தெப்பக்குளம் கோவிலுக்கு மேற்கே இருப்பதால், குளத்தின் மேற்குக் கரையிலிருந்து விடியலில் எடுத்தால் மேற்குக் கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சம் ஏறும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதை இரண்டு ஆவர்த்தனம், 12.8 விநாடி முழுசாக விடுங்கள். தண்ணீரின் சிற்றலை தவிர வேறு அசைவே வேண்டாம். தொடக்கத்திலேயே இவ்வளவு நீளமாக ஒரு ஷாட்டை நிறுத்தினால், “இது ஓடும் படம் இல்லை, நின்று பார்க்கும் படம்” என்று பார்ப்பவர் புரிந்துகொண்டுவிடுவார். மூன்றாவது சங்கதிக்குக் கோலம் போடும் கை. நான்காவதுக்குக் கோலத்தை ஒட்டி நடந்துவரும் கோஷ்டியின் கால்கள். சங்கதி விரிய விரியப் படம் நெருங்கி வருகிறது, அவ்வளவுதான்.

அனுபல்லவியில் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும். அங்கே புதுப் புது ஷாட்டாகக் கொட்டத் தோன்றும். மாறாக, குரல் ஏறும்போது படம் நிற்க வேண்டும். கார்வை நீளும் இடத்தின் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். பாடுபவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது படம் தாவினால், அந்தப் பிடிப்பை நாமே அறுத்ததாகிவிடும். கோபுரத்தின் நிலைகளில் மெல்ல மேலேறும் ஒரே ஷாட்டை அனுபல்லவி முழுக்க விடலாம்.

இடையிசையின் முடிவில் மிருதங்கம் தீர்மானம் வைக்கும். ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து சமத்தில் விழும். மூன்று முறைக்கும் மூன்று வெட்டுப் போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். போட்டால் சமத்தில் விழும்போது கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. தீர்மானம் தொடங்குவதற்கு முந்திய சமத்தில், உற்சவரை மறைத்துத் திரை போட்டிருக்கும் ஷாட்டைத் தொடங்குங்கள். மூன்று முறையும் அதே ஷாட் ஓடட்டும். திரை விலகும் முதல் ஃபிரேமைத் தீர்மானம் விழும் சமத்தில் கொண்டுவந்து ஸ்லிப் செய்யுங்கள். இங்கே வெட்டே இல்லை, ஆனாலும் பாட்டு முழுவதிலும் தாளம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுவாகத்தான் இருக்கும். திரை விலகும் ஷாட் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சமத்தில் தீபாராதனைக்கு வெட்டலாம்.

சரணத்துக்கு பங்குனி உற்சவம். எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழாவில் நாயன்மார்கள் பல்லக்குகளில் வரிசையாக வருவதை எடுத்திருப்பீர்கள். கூட்டமும் நகர்வும் நிறைந்த ஷாட்டுகள். இங்கே வரிகள் அடுக்கிக்கொண்டு வரும் பகுதியில் ஆவர்த்தனத்தை இரண்டாகப் பிரித்து, சமத்திலும் ஐந்தாம் அட்சரத்திலும் வெட்டலாம். ஒவ்வொரு ஷாட்டும் 3.2 விநாடி. இப்படி நான்கு, அதிகம் போனால் ஆறு. பிறகு உடனே 12.8 விநாடிக்கு ஒரு நீண்ட ஷாட் கொடுத்து மூச்சு விடவையுங்கள். கூட்டக் காட்சிகளில் எல்லாப் பல்லக்கும் ஒரே திசையில் நகரட்டும். ஒன்று இடமாகவும் அடுத்தது வலமாகவும் போனால் 3.2 விநாடியும் ஒரு விநாடிபோலப் பரபரக்கும்.

சரணத்துக்கு முன் விருத்தம் பாடியிருந்தால் அங்கே தாளம் இல்லை, மார்க்கரும் இல்லை. பாடகர் ஒரு அடியை முடித்து மூச்சு எடுக்கும் இடத்தில் மாற்றுங்கள். நேர் வெட்டைவிட டிசால்வ் பொருந்தும் இடமும் இதுதான். டிசால்வில் படம் மாறியதாகக் கண் உணர்வது அதன் நடுப்புள்ளியில், எனவே மூச்சின் நடுவில் அந்த நடுப்புள்ளி வர வேண்டும். தாளம் ஓடும் இடத்தில் எங்காவது டிசால்வ் வைத்தாலும் இதே கணக்குதான்: 20 ஃபிரேம் டிசால்வ் என்றால் சமத்துக்குப் பத்து ஃபிரேம் முன்பே தொடங்க வேண்டும். சமத்தில் தொடங்கினால் பிந்திவிடும்.

தாளம் சரியாக இருந்தும் ஒரு வெட்டு துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் வெளிச்சம். கற்பூர வெளிச்சத்தில் இருண்டிருக்கும் ஷாட்டிலிருந்து நண்பகல் வானத்துக்குப் போனால், மெல்லிய தட்டின்மேல் வைத்தாலும் அது பறையடித்ததுபோல் விழும். இருட்டிலிருந்து விளக்கொளி, விளக்கொளியிலிருந்து அதிகாலை, பிறகு பகல் என்று படிப்படியாக அடுக்குங்கள். கண் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். சுடர் திரையின் இடப்பக்கம் முடிகிறது என்றால் அடுத்த ஷாட்டில் பார்க்க வேண்டியதும் இடப்பக்கம் இருக்கட்டும். கண் தாவாத வெட்டு, நேர் வெட்டாக இருந்தாலும் மெதுவாகத் தெரியும்.

முடித்த பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். வெட்டுகளை மட்டும் பார்த்தே தொடையில் அட்சரக் கணக்குப் போட முடிகிறது என்றால் வெட்டு அதிகம், சிலவற்றை எடுத்து ஷாட்டுகளைச் சேர்த்துவிடுங்கள். எட்டு அட்சரத்துக்கு ஒருமுறை ஏதோ புரள்கிறது என்ற அளவுக்கு மட்டும் தெரிந்தால் சரி. பிறகு படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டு, நீங்கள் தாளம் போட்டபடியே, பக்கத்தில் இருப்பவரை ஒவ்வொரு வெட்டுக்கும் “ம்” என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தட்டோடு சேராத “ம்” எது என்று உடனே பிடிபடும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் வயர் ஹெட்ஃபோனிலோ ஸ்பீக்கரிலோ செய்யுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 100 முதல் 200 மில்லி விநாடிவரை பிந்தி வருவது சகஜம், அது மூன்று முதல் ஐந்து ஃபிரேம். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் என்று நகர்த்தினால் சரியாக இருந்த வெட்டெல்லாம் பின்னால் போய்விடும், ஏற்றுமதி செய்து டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.